பழைய கைப்பேசி கைமாறும் முன்

சுங்கை பூலோவில் இருக்கும் என் அக்கா புதுக் கைப்பேசி வாங்கியதும் பழையதை 13 வயது மகனிடம் கொடுத்தார். அதிலிருந்த சமூகச் செயலியில் அவருடைய கணக்கு திறந்தே கிடந்தது. நேரலை விற்பனையில் ஒரு ஹெட்போனைப் பார்த்த பையன் பொத்தானைத் தட்டினான். அக்காவின் வங்கி அட்டையிலிருந்து 89 ரிங்கிட் போனது. ஓடிபி எண்கூடக் கேட்கவில்லை. பொருளோ, அவர்கள் எப்போதோ காலி செய்த கிள்ளான் வீட்டுக்குப் போய்விட்டது.

"என் புதுக் கைப்பேசியில் அந்தச் செயலியே இல்லையே, தம்பி!" என்றார் அக்கா.

குழப்பம் அங்கேதான். அட்டையும் முகவரியும் கைப்பேசியில் இல்லை, கணக்கில் இருக்கின்றன. செயலியை நீக்கினாலும் அவை நிறுவனத்தின் கணினியில் அப்படியே இருக்கும்.

டிக்டாக் ஷாப் 2022-இல் மலேசியாவுக்கு வந்தது முதல், பாட்டும் கூத்தும் பார்க்கும் இடத்திலேயே நாம் பணமும் கட்டுகிறோம். அதனால் சுத்தம் செய்ய வேண்டிய இடமும் அதுதான்.

முதலில், வர வேண்டிய பொருளும் திரும்ப வர வேண்டிய பணமும் பாக்கி இல்லையென்று பாருங்கள். உத்தரவாதம் உள்ள பொருளின் ரசீதைப் படம் பிடித்து வையுங்கள். பிறகு கடைப் பகுதியின் Payment பக்கத்தில் அட்டையை நீக்குங்கள். மின்பணப்பையை இணைத்திருந்தால், அந்தப் பணப்பையின் செயலியிலும் இணைப்பைத் துண்டியுங்கள்.

அடுத்து Address பக்கம். பழைய வீடு, அலுவலகம், அம்மா வீடு என எல்லாம் வரிசையாக நிற்கும். வேண்டாதவற்றை ஒவ்வொன்றாக நீக்குங்கள். Default என்று குறித்திருப்பது பழைய முகவரியாக இருந்தால், முதலில் புதியதை அந்த இடத்தில் வையுங்கள்.

ஆர்டர் பட்டியல் மட்டும் வேறு கதை. அதில் ஒன்றை அழித்தால் உங்கள் கண்ணுக்குத்தான் மறையும். நம் நாட்டு வருமான வரிச் சட்டப்படி வியாபாரக் கணக்குகளை 7 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். தேவைக்கு மேல் தனிநபர் தகவலை வைத்திருக்கக் கூடாது என்று 2010-ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொன்னாலும், விற்பனைப் பதிவு உடனே அழியாது. ஆகவே முக்கியமாக நீக்க வேண்டியவை அட்டையும் முகவரியும்தான்.

எல்லாம் போய்விட்டதா என்று எப்படித் தெரியும்? ஏதாவது ஒரு பொருளைக் கூடையில் போட்டு, பணம் கட்டும் பக்கம் வரை போங்கள், கட்டாதீர்கள். அட்டையின் கடைசி நான்கு எண்களோ பழைய முகவரியோ தெரிந்தால் இன்னும் நீங்கவில்லை. செயலியில் நீக்கியும் அட்டை எண் தானாக வந்து நின்றால், அதைக் கைப்பேசியே நினைவில் வைத்திருக்கிறது. கைப்பேசி அமைப்பில் Autofill பகுதியிலும் அழிக்க வேண்டும்.

கடைசியாக, கணக்கிலிருந்து வெளியேறிவிட்டுக் கைப்பேசியைக் கொடுங்கள். அக்கா இதையெல்லாம் செய்து முடிக்கப் பத்து நிமிடம்தான் ஆனது. ஹெட்போன் இன்னும் கிள்ளானில்தான் இருக்கிறது.