பன்னிரண்டு மார்க் எங்கே போயிற்று?

வெளிநாட்டிலே ஆறு வருஷம் வைத்தியம் படித்துப் பட்டம் பெற்று வந்தவர், இந்நாட்டில் ஒரு மருந்துச் சீட்டுக்கூட எழுத முடியாது. அதற்கு முன் ஒரு பரீட்சையில் தேறியாக வேண்டும். 2002ஆம் ஆண்டிலிருந்து நடந்து வரும் அயல்நாட்டு மருத்துவப் பட்டதாரிகள் பரீட்சை அது. ரஷ்யாவுக்கும் பிலிப்பைன்ஸுக்கும் ஜார்ஜியாவுக்கும் பிள்ளைகளை அனுப்பிய குடும்பங்கள் தமிழ்நாட்டில் ஏராளம். அந்த வீடுகளில் இந்தப் பெயர் தெரியாதவர் இல்லை.

பரீட்சை ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கிறது. கேள்விகள் 300. காலையில் 150, மாலையில் 150. ஒவ்வொரு பகுதிக்கும் 150 நிமிஷம். அதாவது ஒரு கேள்விக்கு ஒரு நிமிஷம். ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள் கொடுத்திருப்பார்கள். சரியானதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 150 மார்க் வாங்கினால் வெற்றி. நான்கில் ஒருவருக்கும் குறைவாகவே தேறிய தடவைகள் பல உண்டு.

138 மார்க் வாங்கித் தவறிய ஒருவரை எடுத்துக்கொள்வோம். குறைந்தது பன்னிரண்டே மார்க். வீட்டில் பாங்குக் கடன் இருக்கிறது. "டாக்டர் என்றீர்களே, எந்த ஆஸ்பத்திரியில் வேலை?" என்று உறவினர்கள் கேட்கிறார்கள். அடுத்த பரீட்சைக்கு ஏறக்குறைய ஐந்து மாதம். இவர் என்ன செய்ய வேண்டும்?

முதல் பக்கத்திலிருந்தா?

பெரும்பாலோர் செய்வது இதுதான்: உடற்கூற்றுப் புத்தகத்தை எடுத்து முதல் பக்கத்திலிருந்து மறுபடியும் தொடங்குகிறார்கள். உடற்கூறு, உடலியங்கியல், உயிர்வேதியியல் என்று வரிசையாகப் போய், கடைசிப் பாடங்களுக்கு வரும்போது நாள் தீர்ந்துவிடுகிறது. போன தடவையும் அப்படித்தான் தீர்ந்தது.

உடற்கூறுக்கு உள்ளவை 17 மார்க்தான். சமுதாய மருத்துவத்துக்கோ 30, மகப்பேறுக்கு 30, கண்ணுக்கு 15, காது-மூக்கு-தொண்டைக்கு 15. இந்த நான்கும் சேர்ந்தால் 90. மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவு. கடைசிக்குத் தள்ளப்படுபவை பெரும்பாலும் இவையே.

சமுதாய மருத்துவத்தில் இன்னொரு சங்கடமும் உண்டு. அயல்நாட்டுக் கல்லூரியில் இந்தியத் திட்டங்களைச் சொல்லித் தருவது அரிது. பிறந்தவுடன் எந்தத் தடுப்பூசி, ஆறாவது, பத்தாவது, பதினான்காவது வாரங்களில் எது, ஒன்பது மாதம் நிறைந்ததும் எது என்பது இங்கே கிராம நர்ஸுக்கு மனப்பாடம். அங்கே படித்து வந்தவருக்கோ புதுப் பாடம்.

சட்ட மருத்துவத்திலும் எச்சரிக்கை வேண்டும். கொலைக்குத் தண்டனை 302ஆம் பிரிவு என்று பழைய குறிப்புகள் சொல்லும். 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா அமலுக்கு வந்து, அது 103ஆம் பிரிவு ஆகிவிட்டது. மூத்தவர் கொடுத்த நோட்டை அப்படியே நம்பினால் ஏமாற வேண்டியதுதான்.

தவறுகளின் கணக்கு

பரீட்சை முடிவு மொத்த மார்க்கைச் சொல்லும். எந்தப் பாடத்தில் சறுக்கியது என்று சொல்லாது. வினாத்தாளும் வெளியிடப்படுவதில்லை. ஆகவே அந்தக் கணக்கைத் தாமே போட வேண்டும்.

முதல் வாரத்தில், புதிதாக ஒன்றும் படிக்காமல், 300 கேள்விகள் கொண்ட மாதிரிப் பரீட்சை ஒன்றை அதே நேர அளவில் எழுதிப் பார்க்கட்டும். விடை குறிக்கும்போதே ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே 'நிச்சயம்', 'சந்தேகம்', 'ஊகம்' என்று ஓர் அடையாளமும் இடட்டும். நம்மவருக்கு 141 சரி, 159 தவறு என்று வைத்துக்கொள்வோம். பிறகு அந்த 159ஐயும் பிரிக்க வேண்டும். விஷயமே தெரியாதவை 72. இரண்டு விடைகளுக்கு இடையே தடுமாறித் தவறானதைப் பிடித்தவை 52. கேள்வியைச் சரியாக வாசிக்காதவை 20. நேரம் போதாமல் விட்டுவிட்டவை 15.

இந்தப் பரீட்சையில் தவறான விடைக்கு மார்க் குறைப்பது இல்லை. விட்டுப்போன பதினைந்துக்கும் கண்ணை மூடிக்கொண்டு குறித்தால்கூட நான்கில் ஒன்று பலிக்கும்; மூன்று மார்க் கிடைக்கும். 'எது பொருந்தாது?' என்பதில் உள்ள 'பொருந்தாது' என்ற சொல்லைக் கவனிக்காமல் இழந்தவை போன்ற இருபதில் பாதியை மீட்டால் பத்து. தடுமாறிய 52இல் மூன்றில் ஒரு பங்கைத் திருத்தினால் பதினேழு. கூட்டினால் 171. தெரியாத விஷயம் ஒன்றைக்கூட இன்னும் தொடவில்லை!

தடுமாற்றத்தைத் திருத்துவது எப்படி? ஓர் உதாரணம். முகம் வீங்கிய குழந்தை. சிறுநீரில் புரதம் மிக அதிகம், ரத்தம் இல்லை, ரத்த அழுத்தமும் சரியாக இருக்கிறது என்றால் அது நெஃப்ராடிக் நோய். தொண்டைப் புண் வந்து ஓரிரு வாரத்துக்குப் பின் சிறுநீர் கறுத்து, அழுத்தமும் ஏறியிருந்தால் அது நெஃப்ரிடிக் நோய். இவர் இரண்டையும் படித்தவர்தான். ஆனால் தனித்தனியே படித்தவர். நோட்டில் இரண்டையும் எதிரெதிரே எழுதி, பிரித்துக் காட்டும் அடையாளத்தை ஒரே வரியில் குறித்தால் போதும். அத்தியாயம் முழுவதையும் மறுபடி வாசிக்கத் தேவையில்லை.

ஏமாற்றும் தைரியம்

மீண்டும் மீண்டும் வாசிப்பது மனத்துக்குச் சுகமாக இருக்கும். அதிலே ஓர் ஏமாற்று உண்டு. அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரு மனநூல் அறிஞர்கள் 2006இல் மாணவர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். ஒரு சாரார் பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தார்கள். மற்றவர்கள் ஒரு முறை வாசித்துவிட்டு, புத்தகத்தை மூடி, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டபோது வாசித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். 'நமக்கு நன்றாக நினைவிருக்கும்' என்று அதிகம் நம்பியவர்களோ வாசித்தவர்கள்தாம்!

ஆகவே தைரியத்துக்கு ஆதாரம் எத்தனை மணி நேரம் படித்தோம் என்பது அல்ல. மாதிரிப் பரீட்சையில் 'நிச்சயம்' என்று குறித்தவை எத்தனை, அவற்றில் சரியானவை எத்தனை என்பதே. நூறு 'நிச்சயத்தில்' எழுபதுதான் சரி என்றால் அது அசட்டுத் தைரியம். தொண்ணூறு சரி என்றால் நம்பலாம். 'சந்தேகம்' என்று குறித்தவற்றில் முக்கால்வாசி சரியாக வந்தால், அவருக்குத் தெரிகிறது, துணிவுதான் இல்லை என்று அர்த்தம். ஒரு முறை தோற்றவர்களிடம் இது சகஜம்.

எவ்வளவு வந்தால் போதும்?

மாதிரிப் பரீட்சையில் 152 வந்துவிட்டதே என்று திருப்தி அடையலாகாது. எண்பது கேள்விக்கு ஊகத்தால் விடை குறித்தால், அதிர்ஷ்டம் ஒரு நாள் இருபத்துநான்கு தரும். மறு நாள் பதினாறுதான் தரும். அந்த எட்டு மார்க் வித்தியாசத்திலே தலையெழுத்து மாறிவிடும். வெவ்வேறு மாதிரிப் பரீட்சைகள் மூன்றிலாவது தொடர்ந்து 170க்கு மேல் வந்தால்தான் பத்திரம்.

நான்காவது மாத முடிவிலும் 150ஐச் சுற்றியே நின்றால், புதிய புத்தகமோ புதிய வகுப்போ தேடி ஓட வேண்டாம். தவறுகளை மறுபடியும் அதே நான்கு பிரிவாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். இப்போது 'தெரியாதவை' மட்டுமே மிஞ்சியிருந்தால், எந்தப் பாடத்தைப் படிக்க வேண்டும் என்பது அந்தப் பட்டியலிலேயே இருக்கிறது. தடுமாற்றமே இன்னும் அதிகமாக இருந்தால், அவர் பழையபடி வாசித்துக்கொண்டிருக்கிறார் என்று பொருள்.