வரிக்கு ஒரு வெளிச்சம், தையலுக்கு ஒரு வெளிச்சம்

கிரிக்கெட் பேட்டை இணையத்தில் வாங்குபவர் அதைக் கையில் தூக்கிப் பார்க்க முடியாது. படத்தைப் பெரிதாக்கி, முகப்பில் மேலிருந்து கீழாக ஓடும் வரிகளை எண்ணிப் பார்ப்பார். விளையாடுபவர்கள் ‘கிரெயின்ஸ்’ என்று சொல்லும் அந்த வரிகள், வில்லோ மரத்தின் வளர்ச்சி வளையங்கள். அவை நேராகவும் சீராகவும் இருந்தால் பேட்டுக்கு விலை கூடும். பந்தென்றால் கண் முதலில் தையலுக்குத்தான் போகும். ஆகவே இரண்டையும் ஒரே படத்தில் எடுப்பவர் வரியையும் காட்ட வேண்டும், தையலையும் காட்ட வேண்டும். சிக்கல் அங்கேதான்: இரண்டும் ஒரே வெளிச்சத்துக்கு ஒத்து வராது.

வரி என்பது நிற வேறுபாடு. இழைத்துத் தேய்த்த பேட்டில் விரலை ஓட்டினால் வரி தட்டுப்படாது. வெளிர் மரத்தில் சற்றே அடர்ந்த கோடாகக் கண்ணுக்கு மட்டும் தெரியும். தையல் அப்படியில்லை. தோலுக்கு மேல் எழுந்து நிற்கும் ஆறு வரிசை நூல் அது. மேடு மேடாகத் தெரிய வேண்டுமென்றால் அதற்குப் பக்கத்தில் நிழல் விழ வேண்டும். பேட்டுக்குச் சமமான வெளிச்சம், பந்துக்குச் சாய்ந்த வெளிச்சம்.

முதலில் பேட். விதிப்படி அதன் நீளம் 96.5 செ.மீ. வரை இருக்கலாம்; வெளிச்சத்துக்கு அது பெரிய தூரம். கைப்பிடிக்கு மேலே அரை மீட்டர் தள்ளி ஒற்றை விளக்கு வைத்தால், அடி நுனி விளக்கிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் விலகிவிடும். தூரம் மூன்று மடங்கு ஆனால் வெளிச்சம் ஒன்பதில் ஒரு பங்காகக் குறையும். மேலே வெளுத்து, கீழே மங்கிய படம் இப்படித்தான் வருகிறது.

பேட்டைப் பின்னாலிருந்து தாங்கி நேராக நிறுத்துங்கள். பேட்டைவிடச் சற்று நீளமான, ஒடுங்கிய சாஃப்ட்பாக்ஸ் இரண்டை இருபுறமும் செங்குத்தாக, ஒரு மீட்டர் தள்ளி, 45 பாகை கோணத்தில் வையுங்கள். கேமரா பேட்டின் நடு உயரத்தில் ட்ரைபாடில் நிற்கட்டும். விளக்கு கேமராவுக்கு அருகில் வந்தால் முகப்பில் பட்ட ஒளி நேரே லென்ஸுக்குத் திரும்பி வரிகளின் மேல் வெள்ளைத் திரை போடும். எண்ணெய் பூசியதோ பாதுகாப்புத் தாள் ஒட்டியதோ என்றால் இது இன்னும் மோசமாகும். 45 பாகையில் அந்த ஒளி எதிர்ப்பக்கம் போய்விடும். வெளிச்சம் சமமா என்று அறிய, பேட் நிற்கும் இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை நீளமாகத் தொங்கவிட்டுப் படம் எடுத்து, கணினியில் மேல், நடு, கீழ் மூன்று இடங்களின் பிரகாச எண்ணை ஒப்பிட்டால் போதும்.

இனி பேட்டுக்கு முன்னால், அதன் மேல் நிழல் விழாத தூரத்தில், தையல் செங்குத்தாக வரும்படி சிவப்புப் பந்தை வைத்துப் பாருங்கள். பேட் அழகாக இருக்கும். பந்து மட்டும் தட்டையாகிவிடும். இடது விளக்கு போட்ட நிழலை வலது விளக்கு அழித்துவிடுவதால் நூல்கள் வரைந்த கோடுபோல் ஆகின்றன. பளபளப்பான உருண்டையில் இரு விளக்குகளும் இரண்டு வெள்ளைப் பட்டைகளாகத் தெரிந்து, தையலுக்கு இருபுறமும் நெருங்கி நிற்கும்.

தீர்வு, இரண்டு படங்கள். கேமராவையும் பொருள்களையும் அசைக்காமல் முதல் படத்தை இரு விளக்குகளிலும் எடுங்கள். அடுத்து வலது விளக்கை அணைத்து, இடது விளக்கைப் பந்தின் பக்கவாட்டுக்கு நகர்த்தி, இடையில் ஒளி ஊடுருவும் வெள்ளைத் தாளைப் பிடியுங்கள். பட்டை ஒன்றாகி, ஓரம் மென்மையாகி, பந்தின் விளிம்பை நோக்கி ஒதுங்கும். நடுவில் ஓடும் தையலை ஒளி உரசிச் செல்வதால் ஒவ்வொரு வரிசைக்கும் வலப்பக்கம் மெல்லிய நிழல் கிடைக்கும். நிழல் பக்கம் கறுத்துப்போனால் ஒரு வெள்ளை அட்டையைத் தள்ளி வையுங்கள். பிறகு பேட் முதல் படத்திலிருந்தும், பந்து இரண்டாவதிலிருந்தும் கணினியில் சேரட்டும்.

இன்னொரு பொறி, சிவப்பு நிறம். கேமரா காட்டும் பொதுவான ஹிஸ்டோகிராம் சரியாகத் தோன்றினாலும், சிவப்பு மட்டும் உச்சத்தைத் தாண்டியிருக்கும். அப்போது தோலின் நுண் சுருக்கங்கள் மறைந்து பந்து சாயம் பூசினாற்போல் ஆகும். நிறங்களைத் தனித்தனியே காட்டும் ஹிஸ்டோகிராமில் சிவப்பு வலது சுவரை முட்டினால் வெளிச்சத்தைக் குறைக்க வேண்டும்.

கடைசியில் கணினியில் கூர்மையைக் கூட்டும் ஆசை வரும். அளவு மீறினால் மங்கலான வரிகளும் தெளிவான வரிகளாகி, சுமாரான பேட் உயர்தரமாகத் தோன்றும். வாங்கியவர் கையில் வந்ததும் ஏமாந்துபோவார். முடித்த படத்துக்குப் பக்கத்தில் அதே பேட்டை வைத்து, இரண்டிலும் வரிகளை எண்ணுங்கள். எண்ணிக்கையும் அழுத்தமும் ஒத்துப்போகும் இடத்தில் கையை எடுத்துவிடலாம்.