தாமதக் கட்டணம்: முதலில் பணம், பிறகு வேண்டுகோள்

கிரெடிட் கார்டு பில்லுக்குக் கடைசி நாள் 5ஆம் தேதி. நீங்கள் கட்டியது 10ஆம் தேதி என்று வைத்துக்கொள்வோம். தாமதக் கட்டணம் 500 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டி 90 ரூபாய், ஆக 590 ரூபாய் ஏறியிருக்கும்.

முதலில் பில் பாக்கியை முழுவதும் கட்டுங்கள். நிலுவை இருக்கும்போது கேட்டால் மறுக்கவே வாய்ப்பு அதிகம். பிறகு வங்கிக்குச் சுருக்கமாக எழுதுங்கள்: “5ஆம் தேதி கட்ட வேண்டியதை 10ஆம் தேதிதான் கட்டினேன், தவறு என்னுடையது. அம்மா மருத்துவமனையில் இருந்ததால் கவனிக்கவில்லை. தாமதக் கட்டணத்தையும் அதற்கான ஜிஎஸ்டியையும் தள்ளுபடி செய்ய வேண்டுகிறேன்.”

வட்டி தனிக் கணக்கு. அதையும் தனியாகக் கேளுங்கள். தள்ளுபடி வங்கியின் விருப்பம். ஆனால் மூன்று நாளுக்குள் கட்டியிருந்தால், ரிசர்வ் வங்கி விதிப்படி தாமதக் கட்டணமே கூடாது. அப்போது எழுத வேண்டியது வேண்டுகோள் அல்ல, புகார்.