முதல் பரிசோதனையில் ‘பாசிட்டிவ்’: அதன் பொருள் என்ன?

கருவுற்ற பெண்கள் அனைவருக்கும் எச்.ஐ.வி. பரிசோதனை செய்யப்படுகிறது. முதல் பரிசோதனையில் ‘பாசிட்டிவ்’ என வந்தால், “இது 99.5 விழுக்காடு துல்லியமான பரிசோதனை ஆயிற்றே, இனி ஐயமேது?” என்று குடும்பத்தினர் கலங்குவது இயல்பு. அந்த எண் எதைக் குறிக்கிறது என்பதை இங்கே காண்போம்.

ஒரு பரிசோதனைக்கு இரண்டு திறன்கள் உண்டு. தொற்று உள்ளவர்களுள் எத்தனை பேரை அது சரியாகக் கண்டுபிடிக்கிறது என்பது உணர்திறன். தொற்று இல்லாதவர்களுள் எத்தனை பேரை ‘இல்லை’ எனச் சரியாகச் சொல்கிறது என்பது தனித்தன்மை. இவை இரண்டும் 99.5 விழுக்காடு எனக் கொள்வோம்.

இந்தியாவில் வயதுவந்தோரிடையே எச்.ஐ.வி. பரவல் ஏறத்தாழ 0.2 விழுக்காடு. அதே அளவு பரவல் உள்ள 1,00,000 கருவுற்ற பெண்களைப் பரிசோதிப்பதாக வைத்துக்கொள்வோம். அவர்களுள் 200 பேருக்குத் தொற்று இருக்கும். பரிசோதனை 199 பேரைக் கண்டுபிடிக்கும். தொற்று இல்லாத 99,800 பேரில் 0.5 விழுக்காட்டினருக்கு, அதாவது 499 பேருக்கு, தவறாகப் ‘பாசிட்டிவ்’ என வரும். ஆக மொத்தம் 698 ‘பாசிட்டிவ்’ முடிவுகள்; அவற்றுள் உண்மையானவை 199 மட்டுமே. இது சுமார் 29 விழுக்காடு. ‘பாசிட்டிவ்’ என வந்தவருக்கு உண்மையிலேயே தொற்று இருக்கும் வாய்ப்பைக் காட்டும் இவ்வெண்ணே நேர்மறை முன்கணிப்பு மதிப்பு எனப்படும்.

இதே பரிசோதனையை, 10 விழுக்காட்டினருக்குத் தொற்று உள்ள வேறொரு குழுவில் 1,00,000 பேருக்குச் செய்தால், உண்மையான ‘பாசிட்டிவ்’ 9,950, தவறானவை 450. இப்போது அந்த மதிப்பு சுமார் 96 விழுக்காடாகிறது. பரிசோதனையின் திறன்கள் மாறவில்லை. பரவல் மட்டுமே மாறியது. தொற்று அரிதாக உள்ள இடத்தில், தொற்றில்லாதோர் மிகப் பலர் என்பதால், சிறு பிழையும் பெரிய எண்ணிக்கையாகிவிடுகிறது.

இதனாலேயே ஒரே பரிசோதனையைக் கொண்டு எச்.ஐ.வி. உறுதி செய்யப்படுவதில்லை. நம்பிக்கை மையத்தில் வெவ்வேறு வகைக் கருவிகளால் மேலும் பரிசோதனைகள் செய்யப்படுகின்றன. முதற்கட்டத்தில் ‘பாசிட்டிவ்’ ஆன 698 பேருக்கு, அதே திறனுடைய வேறொரு பரிசோதனை செய்தால், தவறான 499இல் இரண்டு அல்லது மூன்றே எஞ்சும். இரண்டு பரிசோதனைகளும் ஒரே காரணத்தால் பிழைபடாதிருந்தால்தான் இக்கணக்குப் பொருந்தும். வெவ்வேறு வகைக் கருவிகளைப் பயன்படுத்துவது அதற்காகவே.

‘நெகட்டிவ்’ முடிவுக்கும் ஓர் எல்லை உண்டு. தொற்று ஏற்பட்ட முதல் சில வாரங்களில் அது பரிசோதனையில் தெரியாமல் போகலாம். அண்மையில் தொற்றுக்கு வாய்ப்பு நேர்ந்திருந்தால் மருத்துவரிடம் கூறி, மறுபரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

முதல் முடிவு ‘பாசிட்டிவ்’ எனில், உறுதிப் பரிசோதனைக்கு முன் எம்முடிவுக்கும் வர வேண்டாம்; அப்பரிசோதனையைத் தள்ளிப்போடவும் வேண்டாம். தொற்று உறுதியானால், உடனே தொடங்கும் கூட்டு மருந்துச் சிகிச்சை தாயின் உடல்நலத்தைக் காப்பதோடு, குழந்தைக்குத் தொற்று பரவும் வாய்ப்பையும் மிகவும் குறைக்கும்.