டிவியை மானிட்டராக்கினால் எழுத்து ஏன் மங்குகிறது?

சினிமா பார்க்கும்போது பளிச்சென்று இருக்கிற 43 அங்குல டிவியில் லேப்டாப்பைச் செருகிப் பாருங்கள். கீழே உள்ள டாஸ்க்பார் பாதிதான் தெரியும். வலது மேல் மூலையில் ஜன்னலை மூடுகிற பெருக்கல் குறி அரைகுறையாக நிற்கும். எழுத்துகளைச் சுற்றி மெல்லிய வெள்ளை விளிம்பு ஓடும், கறுப்பு சாம்பலாகியிருக்கும். உடனே பழி கேபிள் மேல் விழுகிறது, கடைக்குப் போய் விலை கூடிய கேபிள் ஒன்றை வாங்கி வருகிறோம். அது வீண் செலவு. எச்டிஎம்ஐ கேபிளில் கோளாறு இருந்தால் படம் விட்டு விட்டு வரும், திரையில் புள்ளிகள் மின்னும், சில நொடி இருண்டு திரும்பும். எழுத்தை மட்டும் மங்கலாக்கவோ ஓரத்தை மட்டும் வெட்டவோ கேபிளுக்குத் தெரியாது.

இந்தக் குறைகள் பலவற்றுக்கும் வேர் ஒன்றுதான். தனக்கு வருவது கணினியின் படம் என்பது டிவிக்குத் தெரியவில்லை. ஏதோ ஒளிபரப்பு வருகிறது என்று நினைத்துக்கொண்டு, அதற்குச் செய்கிற 'மெருகு' எல்லாவற்றையும் இதற்கும் செய்கிறது.

முதலில் ஓரத்தைச் சரிசெய்ய வேண்டும். அது சரியாகாத வரை எழுத்து கூர்மையாகாது. படக்குழாய் வைத்த பழைய பெட்டிகளில் படத்தின் விளிம்பு ஒழுங்காக நிற்காது, மின்னழுத்தம் கூடிக் குறைந்தால் படமும் விரிந்து சுருங்கும். அதனால் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி, ஓரங்களைச் சட்டத்துக்குப் பின்னால் மறைத்துவிட்டார்கள். இதற்கு ஓவர்ஸ்கேன் என்று பெயர். இன்றைய தட்டையான திரைக்கு இது தேவையே இல்லை. ஆனாலும் பல டிவிகள் பெட்டியிலிருந்து எடுக்கும்போதே இந்தப் பழக்கத்தோடுதான் வருகின்றன.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1920×1080 பிக்சல் உள்ள ஃபுல் எச்டி டிவி. ஒவ்வொரு ஓரத்திலும் இரண்டரை சதவீதம் வெட்டுகிறது என்று வையுங்கள். இடமும் வலமும் 48 பிக்சல், மேலும் கீழும் 27 பிக்சல் போய்விடும். விண்டோஸ் 11-இன் டாஸ்க்பார் உயரம், பெரிதாக்காத நிலையில், 48 பிக்சல். அதில் பாதிக்கு மேல் காலி. அதோடு நிற்காது. மிஞ்சிய 1824×1026 படத்தை இழுத்து 1920×1080 திரை முழுக்கப் பரப்புகிறது டிவி. கணினி அனுப்பிய ஒரு பிக்சல் திரையின் ஒரு பிக்சலில் உட்காராமல், பக்கத்துப் பிக்சலிலும் கொஞ்சம் வழிகிறது. முகத்திலும் மரத்திலும் இது கண்ணுக்குத் தெரியாது. ஒற்றைப் பிக்சல் கோடுகளால் ஆன எழுத்தில் அப்படியே தெரியும்.

தீர்வு டிவியின் ரிமோட்டில் இருக்கிறது. படத்தின் அளவைத் தீர்மானிக்கிற மெனுவுக்குப் போங்கள். பழைய சாம்சங்கில் "Screen Fit", புதியவற்றில் "Fit to screen". எல்ஜியில் "Just Scan". சோனியில் "Display Area" என்பதை "Full Pixel" ஆக்க வேண்டும். பானாசோனிக்கில் "16:9 Overscan" என்பதை அணைக்க வேண்டும். "16:9" என்ற தேர்வைப் பார்த்து இதுதான் சரியான அளவு என்று நினைத்துவிடாதீர்கள். பல டிவிகளில் ஓரத்தை வெட்டுவதே அந்த "16:9"தான்.

பலர் இதை லேப்டாப் பக்கமிருந்து சரிசெய்யப் பார்க்கிறார்கள். என்விடியா, ஏஎம்டி, இன்டெல் மூன்றின் மென்பொருளிலும் படத்தைச் சுருக்கி அனுப்ப வழி உண்டு. டாஸ்க்பார் திரும்பி வந்துவிடும், உண்மைதான். ஆனால் லேப்டாப் ஒரு முறை சுருக்குகிறது, டிவி மறுபடி விரிக்கிறது. இரண்டு முறை நசுங்கிய எழுத்தை எந்த செட்டிங்கும் காப்பாற்றாது. டிவியில் வழியே இல்லாத பட்சத்தில் மட்டும் இதைத் தொடுங்கள். படத்தைச் சுற்றி நான்கு பக்கமும் கறுப்புப் பட்டை தெரிந்தால் அது நேரெதிர்க் கோளாறு. ஏஎம்டி கார்டு உள்ள பழைய கணினிகளில் அடிக்கடி காணலாம். அங்கே "HDMI Scaling" என்பதை 0% ஆக்கினால் போதும்.

ஓரம் சரியானதும் டிவியிடம் 'இது கணினி' என்று சொல்லிவிட வேண்டும். ரிமோட்டில் இன்புட் பட்டியலைத் திறந்து, லேப்டாப் செருகியிருக்கும் எச்டிஎம்ஐயின் பெயரை அல்லது ஐகானை "PC" என்று மாற்றுங்கள். சாம்சங்கிலும் எல்ஜியிலும் இது வெறும் பெயர்ப்பலகை அல்ல. அப்படி மாற்றியதும் டிவி தன் மெருகு வேலைகளில் பலவற்றை நிறுத்திக்கொள்கிறது. சோனியில் இதே வேலையை "Graphics" என்ற படமுறை செய்கிறது. பிறகு "Sharpness" அளவைக் குறையுங்கள். பெயரைப் பார்த்துக் கூட்டத்தான் தோன்றும். ஆனால் அது புதிதாக எந்த நுணுக்கத்தையும் கொண்டுவருவதில்லை, விளிம்புகளை மிகைப்படுத்துகிறது. எழுத்தைச் சுற்றித் தெரிகிற வெள்ளைக் கோடு அதன் வேலைதான். சாம்சங்கில் 0 வைத்தால் இயல்பு நிலை. சோனியில் 50தான் இயல்பு நிலை, அதற்குக் கீழே போனால் படம் வேண்டுமென்றே மழுங்கும். உங்கள் டிவிக்கு எது என்று தெரியாவிட்டால், வெள்ளைக் கோடு மறைகிற இடம் வரை குறைத்து அங்கே நிறுத்துங்கள்.

இதற்குப் பிறகும் எழுத்து மங்கினால், லேப்டாப் என்ன அனுப்புகிறது என்று பார்க்க வேண்டும். விண்டோஸ் விசையும் P-யும் சேர்த்து அழுத்தினால் வரும் பட்டியலில் "Duplicate" இருந்தால், பெரும்பாலும் லேப்டாப்பின் சிறிய திரைக்கான அளவே டிவிக்கும் போகும். 1366×768 படத்தைப் பெரிய திரையில் இழுத்தால் மங்காமல் என்ன செய்யும்? "Extend" அல்லது "Second screen only" என்று மாற்றுங்கள். பிறகு Settings > System > Display > Advanced display பக்கத்தைத் திறந்து, அங்கே டிவியைத் தேர்ந்தெடுங்கள். "Active signal mode" என்ற வரிதான் டிவிக்கு உண்மையில் போகிற அளவு. அது டிவியின் சொந்த அளவோடு ஒத்துப்போக வேண்டும்.

4கே டிவி என்றால் இன்னொரு சிக்கல் உண்டு. 3840×2160 படத்தை நொடிக்கு 60 முறை, நிறம் குறையாமல் அனுப்ப கிட்டத்தட்ட 18 கிகாபிட் வேகம் தேவை. எச்டிஎம்ஐ 2.0 அதைத் தாங்கும். எச்டிஎம்ஐ 1.4 உள்ள பழைய லேப்டாப்பின் வேகம் 10.2 தான். அங்கே இரண்டு வழிகளே உண்டு. ஒன்று, நொடிக்கு 30 முறையாகக் குறைப்பது. மற்றது, நிறத்தைக் குறைப்பது. நிறத்தைக் குறைக்கிற முறைக்கு 4:2:0 என்று பெயர். ஒவ்வொரு பிக்சலுக்கும் தனி வெளிச்சம் உண்டு, நிறம் மட்டும் நான்கு பிக்சலுக்குப் பொது, நாலு குடித்தனத்துக்கு ஒரே குழாய் போல. சினிமாவும் ஒளிபரப்பும் இந்த முறையில்தான் வருகின்றன, யாரும் குறை சொன்னதில்லை. ஆனால் நீலப் பின்னணியில் சிவப்பு எழுத்து வைத்துப் பாருங்கள், கசங்கித் தெரியும். விண்டோஸ் எழுத்தின் ஓரங்களுக்கு மெல்லிய நிறம் பூசித்தான் அதை வழவழப்பாக்குகிறது என்பதால், வெள்ளைமேல் கறுப்பு எழுத்தும் சற்றே அழுக்காகத் தெரியும்.

மேலே சொன்ன அதே பக்கத்தில் நிற வடிவம் "RGB" என்றோ "YCbCr444" என்றோ இருந்தால் நல்லது. "YCbCr420" என்று இருந்தால் முதலில் டிவியைச் சந்தேகியுங்கள். பல டிவிகள் தங்கள் முழு வேகத்தை ஒரு செட்டிங்குக்குப் பின்னால் பூட்டி வைத்திருக்கின்றன. சாம்சங்கில் "HDMI UHD Color" அல்லது "Input Signal Plus", எல்ஜியில் "HDMI ULTRA HD Deep Colour", சோனியில் "HDMI signal format" என்பதில் "Enhanced format". அதைத் திறந்த பிறகும் வராவிட்டால் லேப்டாப்தான் எல்லை. எழுத்து வேலைக்கு 30 முறையும் முழு நிறமும் தேவலை. மவுஸ் சற்றுத் தயங்கித் தயங்கி வரும், ஆனால் எழுத்து தெளிவாக இருக்கும்.

கடைசியாக வெளிறிய நிறம். டிவி உலகில் கறுப்பு 16, வெள்ளை 235. 1982-இல் வந்த ஸ்டூடியோ தரத்திலிருந்து தொடரும் வழக்கம் அது. கணினியில் கறுப்பு 0, வெள்ளை 255. எச்டிஎம்ஐயில் 1920×1080 போன்ற டிவி அளவுகளுக்கு 16–235தான் இயல்பு. ஆகவே எதிரே டிவி இருப்பதைக் கண்டதும் லேப்டாப் பல சமயம் அப்படியே அனுப்புகிறது. இப்போது சற்று முன் நாம் "PC" என்று பெயர் வைத்தோமே, அதை நம்பி டிவி 0–255ஐ எதிர்பார்த்து நிற்கலாம். விளைவு, 16 என்று வந்த கறுப்பை 16 ஆகவே காட்டுகிறது, அது சாம்பல். 235 என்று வந்த வெள்ளையும் கொஞ்சம் சோர்ந்து தெரிகிறது. ஓரத்தையும் எழுத்தையும் சரிசெய்த கையோடு நிறம் கெட்டுப்போனதாகப் பலர் நினைப்பது இதனால்தான்.

எதிர்த் திசையிலும் பிசகலாம். லேப்டாப் 0–255 அனுப்ப, டிவி 16–235 என்று எடுத்துக்கொண்டால் இருட்டான பகுதிகள் ஒரே கறுப்பாக ஒட்டிக்கொள்ளும். எது நடக்கிறது என்று அறிய பெயின்ட்டில் பின்னணியை முழுக் கறுப்பாக்கி, மூன்று நிறங்களுக்கும் 15 என்று கொடுத்து மேலே ஒரு கட்டம் வரையுங்கள். அறை விளக்கை அணைத்துப் பாருங்கள். கட்டம் மிக மங்கலாகத் தெரிந்து, பின்னணி நல்ல கறுப்பாக இருந்தால் எல்லாம் சரி. கட்டமே தெரியாவிட்டால் கறுப்பு நசுங்குகிறது. பின்னணியே சாம்பலாக இருந்தால் வெளிறிய கோளாறு.

லேப்டாப்பை முழு அளவுக்கு வைப்பதே நல்லது. என்விடியாவில் "Output dynamic range" என்பதை "Full" ஆக்குங்கள். இன்டெல்லில் அதன் பெயர் "Quantization Range", ஏஎம்டியில் "Pixel Format" என்பதில் "Full RGB" என்று முடிகிற வரி. டிவியிலும் அதே முழு அளவு இருக்க வேண்டும். சாம்சங்கின் "HDMI Black Level" என்பதில் "Normal", எல்ஜியின் "Black Level" என்பதில் "High", சோனியின் "HDMI video range" என்பதில் "Full". கறுப்பு கறுப்பாக வேண்டுமென்றால் "Low"தானே என்று தோன்றும், அது 16–235க்கு உரியது. இத்தனைக்கும் பிறகு நிறம் வெளிறியே இருந்தால் விண்டோஸில் "Use HDR" இயங்குகிறதா பாருங்கள். வெளிச்சம் போதாத மலிவு டிவிகளில் அதை அணைத்துவிடுவதே நல்லது.

ஒரு வகை டிவிக்கு மட்டும் இவை எதுவும் முழுப் பலன் தராது. "HD Ready" என்று விற்கிற 32 அங்குல டிவிகள் பலவற்றில் இருப்பது 1366×768 பிக்சல்தான். அவை 1920×1080 படத்தை வாங்கிக்கொள்ளும், ஆனால் சுருக்கித்தான் காட்டும். ஒரு அங்குலத்தில் 49 பிக்சல், 24 அங்குல ஃபுல் எச்டி மானிட்டரில் 92. பின்னால் பழைய விஜிஏ சாக்கெட் இருந்து, அதன் வழியே 1366×768 நேராக ஏற்றுக்கொண்டால் கொஞ்சம் தேறும். மற்றபடி அதில் படம் பார்க்கலாம், பாட்டுக் கேட்கலாம். கணக்கெழுதவும் கட்டுரை தட்டவும் அது ஆகாது. மானிட்டராகவும் பயன்படுத்த டிவி வாங்குகிறவர்கள் அங்குலத்தைப் பார்ப்பதற்கு முன் பெட்டியில் அச்சிட்டிருக்கும் பிக்சல் எண்ணிக்கையைப் பாருங்கள்.