மூன்று மாட்டுக்குக் குழி வேண்டாம்

பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் மானாவாரி மக்காச்சோளத்தைப் புரட்டாசி, ஐப்பசியில் விதைத்துத் தை, மாசியில் அறுவடை செய்வார்கள். பசுந்தீவனம் கிடைக்காமல் மாடுகள் வாடுவதோ பங்குனியிலிருந்து ஆனி வரை. மார்கழியில் பச்சையாக நிற்கும் பயிரைச் சித்திரை வெயில் வரை கெடாமல் வைத்திருக்க உதவுவதுதான் சைலேஜ் என்னும் ஊறுகாய்ப் புல். குழி வெட்டி, தார்ப்பாய் விரித்து, டிராக்டர் ஏற்றி மிதித்து இதைச் செய்யும் பெரிய பண்ணைகளைப் பலர் பார்த்திருப்பார்கள். இரண்டு மூன்று கறவை மாடு வைத்திருப்பவர் அதைப் பார்த்துத் தானும் குழி வெட்டினால், பெரும்பாலும் பாதித் தீவனம் கெட்டுப்போகும். ஏன் என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

அதற்கு முன், உள்ளே நடப்பது என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும். நறுக்கிய மக்காச்சோளத்தைக் காற்றுப் புகாமல் அடைத்தால், இலையோடு ஒட்டி வந்த நுண்ணுயிரிகள் தண்டிலுள்ள சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலத்தை உண்டாக்குகின்றன. இட்லி மாவு புளிப்பதும் இதே வகை நுண்ணுயிரிகளால்தான். அமிலம் ஏற ஏற, மற்ற கிருமிகள் அடங்கிவிடும். பிறகு காற்று புகாத வரை மாதக்கணக்கில் அப்படியே இருக்கும். வெல்லப்பாகு சேர்க்கச் சொல்வார்கள். சரியான பருவத்தில் வெட்டிய மக்காச்சோளத்துக்கு அது தேவையே இல்லை. தண்டிலுள்ள சர்க்கரை போதும்.

பருவத்தைக் கதிரைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும், நாளை எண்ணி அல்ல. ஒரு கதிரை நடுவில் ஒடித்து, நுனிப் பாதியைக் கையில் எடுங்கள். ஒடிந்த பக்கம் தெரியும் மணிகளில், மேல்பாதி மஞ்சளாக இறுகியும், காம்பை ஒட்டிய கீழ்ப்பாதி வெளுப்பாகப் பாலோடும் இருக்கும். இரண்டுக்கும் இடையில் ஒரு கோடு ஓடும். அந்தக் கோடு மணியின் பாதியைத் தொட்டிருந்தால் வெட்டலாம். முழுச் செடியிலும் 65 முதல் 70 சதவீதம் ஈரம் இருக்கும் நேரம் அது. முன்னதாக வெட்டினால் தண்ணீர் கசியும், நாற்றம் பிடிக்கும். தள்ளிப்போட்டால் தண்டு விறைத்து, மிதித்தாலும் அமுங்காது. மணியும் செரிக்காமல் சாணியில் முழுசாக வரும்.

நறுக்கிய தீவனத்தில் ஒரு கைப்பிடி எடுத்து, அரை நிமிடம் இறுக்கிப் பிடித்துத் திறந்து பார்ப்பது இன்னொரு சோதனை. விரலிடுக்கில் நீர் சொட்டினால் ஈரம் அதிகம். ஒரே நாள் வெயிலில் வாடவிட்டு அடைக்கலாம். பிடித்த உருண்டை மெல்ல விரிந்து பிரிந்தால் பதம் சரி. திறந்ததுமே உதிர்ந்து கொட்டினால் காய்ந்துவிட்டது என்று பொருள்.

இனி கணக்கு. மூன்று கறவை மாடு, மாட்டுக்கு நாளொன்றுக்கு 15 கிலோ என்றால் தினம் 45 கிலோ. நூறு நாளைக்கு நாலரை டன், கழிவையும் சேர்த்து ஐந்து டன் வேண்டும். ஏக்கருக்கு 15 டன் பச்சை விளைச்சல் வரும் வயலென்றால் 35 சென்ட் போதும்.

இதைக் குழியில் போடுவோம். இரண்டு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் ஆழம். நன்றாக மிதித்த சைலேஜ் ஒரு கன மீட்டருக்கு 600 கிலோ நிற்கும். குழியைத் திறந்துவிட்டால், வெட்டிய முகம் காற்றைப் பார்த்தபடி இருக்கும். நம் ஊர் வெக்கைக்கு, தினமும் அந்த முகத்தில் குறைந்தது 15 சென்டிமீட்டர் உள்ளே போய் எடுக்க வேண்டும். அப்போதுதான் கெடுதல் உள்ளே நுழையுமுன் நாம் முந்த முடியும். இந்தக் குழியில் 15 சென்டிமீட்டர் என்றால் 180 கிலோ. அது பன்னிரண்டு மாட்டுக்கான தீனி. மூன்று மாடுகளால் நாளுக்கு நாலு சென்டிமீட்டர்கூட உள்ளே போக முடியாது. பூஞ்சை நம்மை முந்திவிடும்.

ஆகவே மூன்று மாட்டுக்கு 50 கிலோ பைதான் ஏற்றது. காலையும் மாலையுமாக ஒரு நாளில் ஒரு பை தீர்ந்துவிடும். மூடி இறுக்கமாக உள்ள 200 லிட்டர் டிரம் இருந்தால் அதுவும் நல்லது. சுமார் 120 கிலோ பிடிக்கும், இரண்டு மூன்று நாளில் காலியாகும். பைக்கு வெளியே பின்னல் சாக்கு, உள்ளே கனமான பிளாஸ்டிக் பை என இரட்டை அடுக்கு வேண்டும். புல் வெட்டும் மெஷினில் ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் துண்டாக நறுக்கி, அரை சாண் உயரத்துக்குக் கொட்டிக் கொட்டி மிதிக்க வேண்டும். மூலைகளை மறக்கக் கூடாது. அங்கேதான் காற்று ஒளிந்திருக்கும். பையின் வாயை அமுக்கிக் காற்றை வெளியேற்றி, முறுக்கி, மடித்து, இரண்டு கட்டாகக் கட்டுங்கள். வெட்டியதை அன்றே அடைத்து முடித்துவிட வேண்டும். நிழலில், எலி அண்டாத இடத்தில் அடுக்கி, வாரம் ஒருமுறை பையைத் தடவிப் பாருங்கள். ஓட்டை தெரிந்தால் அன்றைக்கே டேப் ஒட்டுங்கள். 45 நாள் கழித்துத் திறக்கலாம்.

திறந்த பையில் முதலில் மூக்கை நம்பலாம். நல்ல சைலேஜ் இளம்புளிப்பாக மணக்கும். நிறம் மஞ்சள் கலந்த பச்சை, அல்லது ஆலிவ் பச்சை. கண்ணைக் கரிக்கிற வினிகர் நெடி அடித்தால் புளிப்பு சரியான வழியில் போகவில்லை. கெட்டதல்ல, ஆனால் மாடு குறைவாகத் தின்னும். கருகிய வெல்லம் போலவோ புகையிலை போலவோ மணத்து, நிறமும் காப்பித்தூள் பக்கம் போயிருந்தால், உள்ளே காற்று இருந்து சூடேறியிருக்கிறது. மாடு அதை ஆசையாகத் தின்னும், அதைப் பார்த்து ஏமாந்துவிட வேண்டாம். அதிலுள்ள புரதம் வெந்துபோய், மாட்டுக்குப் பெரும்பகுதி உதவாது.

கெட்டுப்போன வெண்ணெய் போல, வாந்தி போல நாறினால், ஈரம் மிகுந்து பியூட்ரிக் அமிலம் உண்டாகியிருக்கிறது. தொட்ட கையை சோப்பு போட்டுக் கழுவினாலும் அந்த நாற்றம் போகாது. தொட்டால் வழுவழுக்கும். அதைக் கறவைக்கும் சினைமாட்டுக்கும் போடவே கூடாது.

சந்தேகம் என்றால் பி.எச். தாள் இருக்கிறது. ஒரு பங்கு சைலேஜை ஒன்பது பங்கு காய்ச்சி வடித்த நீரில் அரைமணி ஊறவைத்துத் தாளை நனையுங்கள். நான்கு, அதற்குச் சற்று முன்பின் என்றால் நன்றாகப் புளித்திருக்கிறது. நாலரையைத் தாண்டினால் சந்தேகப்படுங்கள். ஐந்தைத் தாண்டினால் வேண்டாம். ஆனால் தாள் புளிப்பை மட்டுமே சொல்லும். பி.எச். நன்றாக உள்ள பையிலும் ஓட்டை விழுந்த மூலையில் பூஞ்சை இருக்கலாம்.

அந்தப் பூஞ்சைதான் எல்லாவற்றிலும் ஆபத்து. வெள்ளை, நீலப்பச்சை, இளஞ்சிவப்பு எனப் பல நிறத்தில் வரும். நிறத்தை வைத்து இது தேவலை, அது மோசம் என்று பிரிக்க முடியாது. பூஞ்சை விடும் நஞ்சு கண்ணுக்குத் தெரியாமல் சுற்றிலும் பரவியிருக்கும். அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை மாடு தின்றால், அதன் ஒரு கூறு பாலில் வந்து சேர்கிறது. அந்தப் பால் வீட்டுப் பிள்ளைகளுக்கும் போகிறது. ஆகவே பூஞ்சைக் கட்டியை மட்டும் பிய்த்தெடுக்காமல், சுற்றி ஒரு சாண் அகலத்துக்குச் சேர்த்துத் தள்ளுங்கள். ஐம்பது கிலோப் பையில் பல இடத்தில் பூத்திருந்தால் முழுப் பையும் போகட்டும். வெயிலில் காயவைப்பதாலும், நல்லதோடு கலந்து போடுவதாலும் நஞ்சு போகாது.

திறந்த பை மறுநாள் சூடாக இருந்தாலும் கவனியுங்கள். கம்பி ஒன்றை நடுவில் செருகி, பத்து நிமிடம் கழித்து உருவி உள்ளங்கையில் வைத்தால் சூடு தெரிந்துவிடும். காற்றைக் கண்ட ஈஸ்ட் அமிலத்தைத் தின்னத் தொடங்கியதன் அடையாளம் அது. பூஞ்சை அடுத்து வரும். கண்ணுக்கும் மூக்குக்கும் நன்றாக இருந்தால் உடனே போட்டுத் தீர்த்துவிடுங்கள், மறுபடி கட்டி வைக்காதீர்கள்.

தள்ளிய சைலேஜைக் கொட்டகை ஓரம் குவிக்க வேண்டாம், வேலியோரம் மேயும் ஆடுகள் வந்து தின்னும். சரியாகப் புளிக்காத சைலேஜில் லிஸ்டீரியா என்ற கிருமி வளரும். அது மூளையைத் தாக்கினால் ஆடு தலையை ஒருபக்கம் சாய்த்துக்கொண்டு வட்டமடித்துச் சுற்றும், பெரும்பாலும் பிழைக்காது. குப்பைக்குழியில் போட்டு, மேலே மண் தள்ளிவிடுங்கள்.