ஐந்து கோப்பைகள், இரண்டு பலன்கள்

ரம்மி ஆடும் சீட்டுக்கட்டில் ஆர்ட்டின் ஐந்தை எடுத்துப் பாருங்கள். நான்கு மூலையில் நான்கு, நடுவில் ஒன்று. அதைப் பார்த்து யாரும் அழப்போவதில்லை. பழைய டாரட் கட்டுகளிலும் எண் சீட்டுகள் கிட்டத்தட்ட இப்படித்தான் இருந்தன. 78 சீட்டில் 22 சூரியன், மரணம், கோமாளி என்று தனித்தனிப் படம் கொண்டவை. கோப்பை, வாள், கோல், நாணயம் என்ற நான்கு இனங்களின் எண் சீட்டுகள் 40. அவற்றில் பொருள்களை எண்ணிக்கைப்படி அடுக்கி, இடையில் பூவும் இலையும் வரைந்திருப்பார்கள். மார்சேய் நகரத்து நிக்கோலா கோன்வெரின் கட்டு இந்த வகைக்குப் பெயர்போனது. முதலில் டாரட் விளையாட்டுச் சீட்டுதானே; குறி கேட்க அதை எடுத்தது பிறகு வந்த பழக்கம்.

1909-இல் லண்டனில் ரைடர் நிறுவனம் வெளியிட்ட கட்டு இதைப் புரட்டிப் போட்டது. ஆர்தர் எட்வர்ட் வெயிட் திட்டம் போட, பமேலா கோல்மன் ஸ்மித் என்ற ஓவியர் அந்த 40 எண் சீட்டுக்கும் முழுக் காட்சி வரைந்தார். இதற்கு முன் யாரும் செய்யாததில்லை. 15-ஆம் நூற்றாண்டு இத்தாலியின் சோலா புஸ்கா கட்டிலும் காட்சிகள் உண்டு. ஆனால் உலகம் முழுக்கப் பரவியது ஸ்மித் வரைந்ததுதான். இவ்வளவு வேலைக்கும் கிடைத்த காசு ரொம்பக் கொஞ்சம் என்று அவரே ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

இப்போது அதே கோப்பை ஐந்து. ஸ்மித்தின் சீட்டில் கறுப்புப் போர்வை போர்த்திய ஒருவர் தலைகுனிந்து நிற்கிறார். முன்னால் மூன்று கோப்பைகள் கவிழ்ந்து கிடக்கின்றன. முதுகுக்குப் பின்னால் இரண்டு நிமிர்ந்து நிற்பதை அவர் பார்க்கவில்லை. இழப்பு, ஆனால் மிச்சம் உண்டு என்று படமே சொல்லிவிடுகிறது. மார்சேய் சீட்டில் ஐந்து கோப்பையும் நிமிர்ந்தே இருக்கின்றன. சோகத்துக்கு அங்கே இடமே இல்லை. அந்த மரபில் பலன் சொல்பவர்கள் பலர், கோப்பை என்றால் உணர்வு, நான்கு என்றால் நிலைத்த தன்மை, ஐந்து என்றால் அந்த நிலைக்குள் புதிதாக நுழையும் ஒன்று எனக் கூட்டிப் பார்ப்பார்கள். அது புதுச் சிநேகமாகக்கூட இருக்கலாம்.

ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாகத் தையல் கடை வைக்கலாமா என்று ஒரு பெண் கேட்கிறார். கோப்பை ஐந்து, வாள் மூன்று, நாணயம் எட்டு என மூன்று சீட்டு வருகிறது. ஸ்மித் கட்டில் வாள் மூன்று என்பது மழை மேகத்தின் கீழ் மூன்று வாள் பாய்ந்த இதயம். நாணயம் எட்டு, உட்கார்ந்து உளியால் நாணயம் செதுக்கும் தொழிலாளி. துக்கம், காயம், பிறகு உழைப்பு என்று கதை தானாக ஓடுகிறது. ஆனால் கேட்க வந்தவர் அந்த இதயத்தைப் பார்த்ததுமே முகம் வெளிறிவிடுவார். அப்புறம் நீங்கள் என்ன சொன்னாலும் காதில் ஏறாது.

மார்சேயில் இரண்டு வளைந்த வாள்களுக்கு நடுவே ஒரு நேர்வாள் இருக்கும். இதயமும் இல்லை, மழையும் இல்லை. அதனால் கண் படத்தில் நிற்காமல் வரிசைக்குப் போகிறது. உணர்வு, சிந்தனை, பணம் என்று இனம் மாறி மாறி வருவது தெரிகிறது. நான்காவது இனமான கோல் வரவேயில்லை. தொழில் தொடங்கும் வேகத்தைக் குறிப்பது அதுதான். ‘ஆசையும் கணக்கும் இருக்கிறது, இறங்கும் துணிச்சல் எங்கே?’ என்று அந்தப் பெண்ணிடம் கேட்கத் தோன்றும். காட்சிச் சீட்டிலும் இதைக் காணலாம்தான். ஆனால் அழும் மனிதனைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, வராத இனத்தை யார் எண்ணுவார்கள்?

தலைகீழாக வந்தால் பலன் மாறும் என்பவர்களுக்கு இன்னொரு சிக்கல். காட்சிச் சீட்டில் தலைகீழ் என்பது பார்த்தவுடன் தெரியும். மார்சேயின் நாணயம் எட்டை எப்படித் திருப்பினாலும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். ஆகவே அந்தக் கட்டில் பலர் எண் சீட்டுகளுக்குத் தலைகீழ்ப் பலன் பார்ப்பதே இல்லை.

எண் கட்டுக்கும் குறை உண்டு. கேட்பவருக்கு அதில் ஒன்றும் புரியாது. சொல்பவர் வைத்ததே சட்டம். எதிர்காலத்தை எந்தக் கட்டும் சொல்லும் என்று நான் நம்பவில்லை. ஆனாலும் தன் நிலையைத் தானே யோசித்துப் பார்க்க விரும்புகிறவருக்குக் காட்சிக் கட்டே தோது. அவரும் படத்தைப் பார்த்து மறுத்துப் பேசலாம்.

மார்சேய் கட்டை விரித்து வைத்துக்கொண்டு, கோப்பை ஐந்துக்குக் கவிழ்ந்த கோப்பைகளின் சோகத்தைச் சொல்பவரிடம் உட்கார நேர்ந்தால், ‘அது எங்கே இருக்கிறது, காட்டுங்கள்’ என்று கேளுங்கள். அந்தச் சீட்டில் கவிழ்ந்த கோப்பை ஒன்றுகூட இல்லை.